இறந்த மாமா கனவில் வந்து கூப்பிடுகிறார், அத்தை தூங்க மாட்டேன் என்கிறார்

குமரன்_சிப்புட்

வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் எங்க அத்தை இருக்காங்க. வயசு 58. மாமா தவறி மூணு மாசம் ஆகுது. எட்டு, பதினாறு எல்லாம் குறையில்லாம செஞ்சாச்சு. போன மாசத்திலிருந்து அவங்களுக்கு ஒரே கனவு. மாமா மோட்டாரை லயத்து வாசல்ல நிறுத்தி, எஞ்சினைக்கூட அணைக்காம, "ஏறு, போலாம்"ங்கிறார். வேண்டாம்னு நினைச்சாலும் அத்தைக்குக் கால் தானா நடக்குதாம். சீட்டுல கை வைக்கிற நேரத்துல முழிப்பு வந்துடுது. சட்டையைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை.

பக்கத்து வீட்டுப் பாட்டி வேற "செத்தவங்க கூப்பிட்டா ஆளு தங்காது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அதுலேருந்து ராத்திரி முழுக்க டிவியைப் போட்டுட்டு உட்கார்ந்திருக்காங்க. விடியக்காலையில கொஞ்சம் கண் அசந்தா திரும்பவும் அதே கனவு. இனிப்பு நீர் உண்டு, படுக்கப் போகும்போது இன்சுலின் போடுறாங்க. இது கெட்ட சகுனமா? பயத்தை எப்படிப் போக்கறது?

செம்பனைக்காடு

தம்பி, விடியக்காலைக் கனவை லேசா எடுத்துக்காதீங்க. பெரியவங்க சும்மா சொல்லல. அத்தையைத் தனியா படுக்க விடாதீங்க, யாராவது பக்கத்துல படுக்கணும். தலையணைக்கு அடியில ஒரு சின்ன இரும்பு, பாக்குவெட்டியோ சாவியோ, வைங்க. அமாவாசையில படையல் போடுங்க. முக்கியமா, அந்தக் கனவை யார்கிட்டயும் திரும்பத் திரும்பச் சொல்ல விடாதீங்க. சொல்லச் சொல்ல அது வலுத்துடும். மாமா கூப்பிட்டா பதிலே பேசக்கூடாது.

மிஸ்ஸி_தைப்பிங்

மனநலப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். செம்பனைக்காடு சொன்னதில் பாதி சரி. பக்கத்தில் ஆள் படுப்பது நல்லது, படையலும் நல்லது. ஆனால் சொல்லாமல் மூடி வைப்பது தவறு. அத்தையின் பயம் வளர்ந்ததே பாட்டி சொன்ன ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு ராத்திரியில் தனியாக உட்கார்ந்திருந்ததால்தான்.

அந்தப் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்ப்போம். சாகக் கிடப்பவர்களுக்கு, கடைசி வாரங்களில், இறந்துபோன அம்மா, கணவன், அண்ணன் கனவில் வருவது மிகச் சாதாரணம். நியூயார்க் மாநிலத்தில் பஃபலோ ஹாஸ்பிஸில் நோயாளிகளிடம் தினமும் கனவைக் கேட்டு எழுதி 2014இல் வெளியிட்டார்கள். சாவு நெருங்க நெருங்க இறந்தவர்கள் வரும் கனவு கூடியது. அந்தக் கனவுகள் பெரும்பாலும் அவர்களுக்கு ஆறுதலாகத்தான் இருந்தன. இதை நம் ஊரில் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் "கூப்பிட்டாங்க, போயிட்டாங்க" என்று சொன்னதில் பொய் இல்லை. ஆனால் சாகப்போகிறவருக்கு அந்தக் கனவு வருகிறது என்பதால், அந்தக் கனவு வந்தவர் சாவார் என்று ஆகாது. துக்க வீட்டில் ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் இதே கனவு வரும். அவர்கள் மறுநாள் எழுந்து வேலைக்குப் போவதை யாரும் நினைவு வைத்துக்கொள்வதில்லை.

விடியக்காலை விஷயமும் இப்படித்தான். கனவு நிறைந்த தூக்கம் இரவின் பின்பாதியில்தான் நீளமாக வரும். அதிலிருந்து நேராக முழிப்பதால் கனவு அப்படியே மனதில் நிற்கிறது. அத்தை ராத்திரியெல்லாம் முழித்திருந்தால் உடம்பு அந்தக் கனவுத் தூக்கத்தைக் கடனாகச் சேர்த்து வைத்து, கண் அசந்த உடனே அதற்குள் போய்விடும். கனவுக்குப் பயந்து முழித்திருப்பதே கனவை அதிகமாக்குகிறது.

குமரன், மேலே போவதற்குள் இரண்டு கேள்வி. ஒன்று, வேர்த்து முழிக்கும்போது கை நடுங்குகிறதா, பசிக்கிறதா, காலையில் தலை வலிக்கிறதா? இரண்டாவதை அத்தையிடம் நீங்கள் தனியாகக் கேட்க வேண்டும்: "மாமாகூடப் போயிடலாம்னு உங்களுக்குத் தோணுதா?" இதே வார்த்தையில் கேளுங்கள், சுற்றி வளைக்காதீர்கள். கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்பது தவறான பயம்.

லாரி_செல்வம்

இது அமுக்குவான் பேய்தாங்க. எனக்கும் வரும். நெஞ்சு மேல ஏறி உட்கார்ந்துக்கும், கண்ணு திறந்திருக்கும், கை கால் ஒண்ணும் அசையாது, வாசப்படியில யாரோ நிக்கிற மாதிரி இருக்கும். மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படுக்கச் சொல்லுங்க. வந்துட்டா கால் கட்டை விரலை மட்டும் ஆட்டப் பாக்கச் சொல்லுங்க, சட்டுனு விட்டுடும்.

மிஸ்ஸி_தைப்பிங்

செல்வம், உங்களுக்கு வருவதற்கு உங்கள் வைத்தியம் சரிதான். அத்தைக்கு வருவது வேறு. உங்களுக்கு மூளை முழித்தபிறகும் உடம்பு அசைய முடியாமல் கட்டுண்டே இருக்கிறது, அதனால் சொந்த அறையைக் கண் திறந்து பார்க்கிறீர்கள். அத்தை கனவுக்குள்ளேயே இருக்கிறார்கள், அங்கே நடக்கிறார்கள். "கால் தானா நடக்குது" என்பது அவர்களைப் பயமுறுத்தும் பகுதி. இழுத்துக்கொண்டு போகிறார் என்று நினைக்கிறார்கள். கனவில் நம் விருப்பப்படி நடப்பது குறைவு, எல்லோருடைய கனவிலும் கால் அப்படித்தான் நடக்கும். இதை அவர்களிடம் பகலில், வெளிச்சத்தில் சொல்லுங்கள்.

ஒன்று மட்டும் பார்க்க வேண்டும்: தூக்கத்திலேயே நிஜமாக எழுந்து கதவைத் திறக்கிறார்களா? அப்படி இருந்தால் கனவு என்று விடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதுவரை கதவுக்கு மேல் தாழ்ப்பாள் போடுங்கள்.

குமரன்_சிப்புட்

கேட்டேன் அக்கா. நடக்கல, கட்டில்லயேதான் இருக்காங்க. கை நடுங்குதாம், பசியும் இருக்காம், சில நாள் காலையில தலை கனமா இருக்காம். மாமா போனதுக்கப்புறம் ராத்திரிச் சாப்பாடு ரெண்டு பிஸ்கட்டோட சரி, ஆனா இன்சுலின் பழைய அளவுதான்.

ரெண்டாவது கேள்வி கேக்கறப்ப எனக்கே தொண்டை அடைச்சுது. "அவர் இல்லாம வீடு வீடா இல்லடா, ஆனா பேரப்பிள்ளை ஸ்கூல் போறதைப் பாக்கணும், நான் ஏன் போகணும், அதனாலதான் பயமா இருக்கு"ன்னு சொன்னாங்க.

மிஸ்ஸி_தைப்பிங்

நல்ல பதில் அது. போக விருப்பம் இல்லாததால்தான் பயப்படுகிறார்கள். "போனா நிம்மதி" என்று சொல்லியிருந்தாலோ, மருந்தை நிறுத்தியிருந்தாலோ, நகையை இது இவளுக்கு, அது அவளுக்கு என்று பிரித்துக் கொடுக்க ஆரம்பித்திருந்தாலோ நான் கனவைப் பற்றிப் பேசவே மாட்டேன். அன்றைக்கே கிளினிக்குக்கு அழைத்துப் போகச் சொல்வேன், களைக்கொல்லி, மாத்திரை, இன்சுலின் எல்லாவற்றையும் வீட்டில் வேறொருவர் பூட்டி வைத்துக்கொள்ளச் சொல்வேன். இதைப் படிக்கும் வேறு யாருக்காவது அப்படி இருந்தால் 15555 மலேசிய சுகாதார அமைச்சின் மனநல எண். மனம் உடைந்தவர்களிடம் பேசும் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் எண் 03-7627 2929.

இப்போது சீனி. சாப்பாடு குறைந்து இன்சுலின் குறையாவிட்டால் விடியக்காலையில் இரத்தத்தில் சீனி இறங்கும். இறங்கினால் வேர்வை, நடுக்கம், பசி, கூடவே பயங்கரக் கனவு. அத்தைக்கு எல்லாமே இருக்கிறது. மூன்று இரவு, படுக்கும் முன்னும் விடியக்காலை 3 மணிக்கும் விரலில் குத்திப் பார்த்து எழுதுங்கள். வேர்த்து முழித்தால் மணி பார்க்காமல் உடனே பாருங்கள். 4 mmol/Lக்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். இன்னும் ஏறவில்லையென்றால் மறுபடி அதே அளவு. மைலோ, பால் டீ வேண்டாம், பாலில் இருக்கும் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். ஏறியபிறகு இரண்டு பிஸ்கட். நினைவு தப்பி மயங்கிக் கிடந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 999ஐக் கூப்பிடுங்கள். இன்சுலின் அளவை நீங்களாகக் குறைக்க வேண்டாம். எழுதிய தாளை எடுத்துக்கொண்டு அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள்.

செம்பனைக்காடு

அப்ப மாமா வரலைங்கிறீங்களா? வெறும் சீனிதானா?

மிஸ்ஸி_தைப்பிங்

அப்படிச் சொல்லவில்லை, அண்ணே. சீனி இறங்குவதால் ஏன் மாமாவும் மோட்டாரும் வருகிறார்கள் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. அவர் வருவது அத்தையின் துக்கம். அந்த நேரத்தில் நெஞ்சு படபடப்பதும் வேர்ப்பதும் உடம்பின் வேலையாக இருக்கலாம். படபடப்போடு முழிப்பதால் கணவனைப் பார்த்த கனவு பயங்கரக் கனவாகிவிடுகிறது. இரண்டையும் பார்க்க வேண்டும்.

கோயில்வீட்டுப்_பூசாரி

இங்கே ஒரு வார்த்தை. கூப்பிடுகிற கனவு வந்துவிட்டால் உடனே தோஷம், பரிகாரம், கழிப்பு என்று ஆயிரக்கணக்கில் ரிங்கிட் கேட்பவர்களிடம் போகாதீர்கள். பதினாறு செய்து முடித்த வீட்டில் முறைப்படி பாக்கி எதுவும் இல்லை. வருஷத் திதி வரும்போது, மாமா இறந்த மாதத்தில் அதே பட்சத்தில் அதே திதியைப் பார்த்துச் செய்யுங்கள், ஆங்கிலத் தேதியை வைத்துச் செய்யாதீர்கள். நடுவில் மனசு கேட்கவில்லை என்றால் அமாவாசையில் எள்ளும் தண்ணீரும் இறைத்து, அவருக்குப் பிடித்ததைச் சமைத்து இலை போடலாம். சில குடும்பத்தில் முதல் வருஷம் அமாவாசை கும்பிடுவதில்லை, உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுச் செய்யுங்கள்.

படையல் போடும்போது அத்தை கையாலேயே இலை போடட்டும். இலையின் முன்னால் உட்கார்ந்து, மனசில் உள்ளதை வாய்விட்டுச் சொல்லட்டும். "பேரனைப் பாக்கணும், நான் இங்கதான் இருக்கேன்" என்று சொல்லட்டும். அதன்பிறகு காக்கைக்கு வைத்துவிட்டு எல்லோரும் சேர்ந்து சாப்பிடுங்கள். வெறும் வயிற்றில் விரதம் மட்டும் அவர்கள் இருக்க வேண்டாம், இன்சுலின் போடுகிறவர்கள்.

மிஸ்ஸி_தைப்பிங்

பூசாரி ஐயா சொன்ன "வாய்விட்டுச் சொல்லட்டும்" என்பதை எங்கள் வேலையில் வேறு விதமாகச் செய்வோம். திரும்பத் திரும்ப வரும் கனவைப் பகலில் மாற்றி எழுதி, மாற்றியதை மனசில் ஓட்டிப் பழக்குவது. அமெரிக்காவில் பேரி கிராகோவ் என்ற டாக்டரும் அவருடன் இருந்தவர்களும் 2001இல் இதைச் சோதித்து எழுதினார்கள். மருந்து கிடையாது, செலவும் கிடையாது. எப்படி என்று சொல்கிறேன்.

காலை பத்து, பதினொரு மணி போல, வெளிச்சத்தில், வாசல் திண்ணையில் உட்காருங்கள். அத்தை கனவைச் சொல்லட்டும், நீங்கள் எழுதுங்கள். "மாமா வர்றார்" என்று சொல்வது போல நடப்புக் காலத்திலேயே சொல்லட்டும், ஐந்தாறு வரி போதும். ஒரு தடவைக்கு மேல் பழைய கனவைச் சொல்லவைக்காதீர்கள்.

பிறகு பயம் உச்சிக்குப் போவதற்கு முன்னால் ஓரிடத்தில் நிறுத்துங்கள். சீட்டில் கை வைக்கும்போது மாற்றினால் பிந்திவிடும், அதற்குள் படபடப்பு வந்துவிட்டது. மோட்டார் சத்தம் கேட்கிற இடத்தில் மாற்ற வேண்டும். என்ன மாற்றம் என்பதை அத்தைதான் சொல்ல வேண்டும், நீங்கள் சொல்லக்கூடாது. வழக்கமாக நடக்கும் தவறு, மாமாவை விரட்டுகிற மாதிரி, கதவைச் சாத்துகிற மாதிரி எழுதுவது. கணவனை விரட்டிவிட்டோமே என்று அன்று ராத்திரி குற்ற உணர்ச்சியில் தூக்கம் போய்விடும். அவர் வரட்டும், பேசட்டும். முடிவில் அத்தை வீட்டுக்குள் இருந்தால் போதும்.

புதிய கதையை ஒரு நாளைக்கு 10 முதல் 20 நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பார்க்க வேண்டும். கண்ணுக்கு மட்டும் இல்லாமல் கைக்கும் மூக்குக்கும் தெரிகிற மாதிரி. பழைய கனவு குறுக்கே வந்தால் கண்ணைத் திறந்து, எதிரே இருக்கும் மரத்தையோ வேலியையோ பார்த்துவிட்டு, மோட்டார் சத்தத்திலிருந்து மறுபடி தொடங்கட்டும். படுக்கையில் வைத்துச் செய்ய வேண்டாம். இரண்டு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள், சில வாரம் பிடிக்கும். கனவு அப்படியே எழுதியபடி வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். முதலில் பயம் குறையும், பிறகு கனவு இடம் மாறும் அல்லது வராமல் போகும்.

நடு ராத்திரியில் முழித்தால் எழுந்து உட்கார்ந்து, இரண்டு காலையும் சிமெண்டுத் தரையில் அழுத்தி வைக்கட்டும். சின்ன விளக்கு மட்டும். சீனியைப் பார்க்க வேண்டும். பிறகு அன்றைய கிழமையையும், அறையில் இருக்கிற மூன்று பொருளின் பெயரையும் சத்தமாகச் சொல்லட்டும். தூக்கம் திரும்பவில்லையென்றால் முன்னறைக்கு வந்து உட்காரட்டும், டிவி வேண்டாம்.

குமரன்_சிப்புட்

மூணு ராத்திரி பாத்துட்டோம் அக்கா. படுக்கறப்ப 6.8, 7.1, 6.2. விடியக்காலையில 3.4, 4.6, 3.1. கனவு வந்தது 3.4க்கும் 3.1க்கும். 4.6 வந்த ராத்திரி கனவே இல்ல. கிளினிக்ல டாக்டர் தாளைப் பாத்துட்டு ராத்திரி இன்சுலினைக் குறைச்சாங்க, ஒழுங்கா சாப்பிடணும்னு கண்டிச்சாங்க.

கனவை மாத்தறதுக்கு உட்கார்ந்தோம். அத்தை ரொம்ப நேரம் பேசல. அப்புறம் அவங்களே சொன்னாங்க. மோட்டார் சத்தம் கேக்குது. அவங்க அடுப்படியிலிருந்து மாமாவோட இரும்பு மக்குல கறுப்புக் காப்பி எடுத்துட்டு வாசலுக்கு வர்றாங்க. மக்கு சூடு, சேலைத் தலைப்பால பிடிச்சிருக்காங்க. மாமா மோட்டார்ல உட்கார்ந்தே ஊதி ஊதிக் குடிக்கிறார். மக்கைத் திருப்பிக் கொடுக்கிறார். அத்தை "போயிட்டு வாங்க"ங்கிறாங்க, அவர் போறார், இவங்க உள்ள வந்து மக்கைக் கழுவுறாங்க.

கோயில்வீட்டுப்_பூசாரி

எல்லாம் அழகா இருக்கு தம்பி, அந்த "போயிட்டு வாங்க" மட்டும் வேண்டாம். துக்க வீட்டில் நாம் அப்படிச் சொல்வதில்லையே. அத்தைக்கே ராத்திரி நெஞ்சில் உறுத்தும். "நல்லபடியா இருங்க" என்று சொல்லட்டும்.

மிஸ்ஸி_தைப்பிங்

ஐயா சொல்வதைக் கேளுங்கள், எனக்கு அது தோன்றவில்லை. அத்தையின் நம்பிக்கைக்கு ஒத்துவராத ஒரு வார்த்தை இருந்தாலும் பயிற்சி பிடிக்காது. மற்றபடி அந்த மக்கின் சூடும் சேலைத் தலைப்பும் இருக்கிறதே, அப்படித்தான் இருக்க வேண்டும். அதை மாற்றாதீர்கள்.

செம்பனைக்காடு

எனக்கு இன்னும் மனசு ஒப்பல. செத்தவருக்குக் கனவுல கையால எதையும் கொடுக்கக்கூடாது, அவங்க கொடுத்தா வாங்கவும் கூடாதும்பாங்க. காப்பி கொடுக்கிறது சரியா?

கோயில்வீட்டுப்_பூசாரி

எங்கள் பக்கத்தில் கொடுப்பதைக் குற்றமாகச் சொல்வதில்லை, படையலே கொடுப்பதுதானே. வாங்குவதைத்தான் சிலர் தவிர்ப்பார்கள். ஊருக்கு ஊர் மாறும். இதில் அத்தை மனசு என்ன சொல்கிறதோ அதுதான்.

குமரன்_சிப்புட்

அத்தை காப்பியை விடமாட்டேன்னுட்டாங்க. தினமும் பத்தரைக்கு உட்கார்றாங்க. ரெண்டு வாரத்துல கனவு ஒரு தடவைதான் வந்துச்சு. மாமா வந்தாராம், ஆனா கூப்பிடலையாம், டயர்ல காத்து பாத்துக்கிட்டு இருந்தாராம். அழுதாங்க, ஆனா பயப்படல. இன்னும் பழைய அறையில படுக்க மாட்டேங்குறாங்க. கட்டாயப்படுத்தலாமா?

மிஸ்ஸி_தைப்பிங்

வேண்டாம். பகலில் அந்த அறையில் துணி மடிக்கட்டும், மதியம் சாயட்டும். ராத்திரியை அவர்களே முடிவு செய்வார்கள். ஆறு மாதம், ஒரு வருஷம் ஆகியும் துக்கத்தில் சாப்பாடு, வேலை, பேச்சு எல்லாம் நின்றே இருந்தால் கிளினிக்கில் சொல்லி மனநலப் பிரிவுக்கு எழுதி வாங்குங்கள். தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறவர்கள் நம் பக்கம் நிறைய பேர். துக்கத்துக்கு அங்கே படுக்க வைப்பதில்லை, வெளிநோயாளியாகப் பேசித்தான் அனுப்புவார்கள்.

ரம்யா_லூனாஸ்

இடையில கேக்கறேன், மன்னிக்கணும். எங்க வீட்டுல பெரியவங்க இல்ல, 9 வயசுப் பையன். பாட்டி "வாடா கண்ணு"ன்னு கை நீட்டுறாங்கன்னு ராத்திரி அலறிடறான். அவனுக்கும் இந்த எழுதுற வேலை சரிப்படுமா?

மிஸ்ஸி_தைப்பிங்

சரிப்படும், எழுதாமல் வரையச் சொல்லுங்கள். பகலில் கனவை ஒரு தாளில் வரையட்டும், அதே தாளில் தனக்குப் பிடித்த மாதிரி மாற்றட்டும். பாட்டிக்குப் பக்கத்தில் உங்களை வரைந்தாலும் சரி, நடுவில் வேலி போட்டாலும் சரி. 5, 10 நிமிடம் போதும். ஒன்று கவனியுங்கள்: "பாட்டி தூங்கிட்டாங்க", "சாமிகிட்ட கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்று அவனிடம் யாராவது சொன்னார்களா? சின்னப் பிள்ளைகள் அதை அப்படியே எடுத்துக்கொண்டு, தூங்கினால் நம்மையும் கூட்டிக்கொண்டு போவார்கள் என்று நினைக்கும். பாட்டிக்கு என்ன நோய், உடம்பு எப்படி நின்றது என்று அவன் வயசுக்கு உண்மையாகச் சொல்லுங்கள்.

ரம்யா_லூனாஸ்

தூங்கிட்டாங்கன்னுதான் சொல்லி வச்சிருக்கோம். இன்னிக்குச் சாயந்தரம் பேசறேன்.